ஐம்பது சீட், ஐம்பது ஆள், ஆனாலும் வண்டி நிறையவில்லை: பயணி-கிலோமீட்டர் செலவு போடும் முறை

குடியாத்தம், பேரணாம்பட்டு, மாதனூர் பக்கம் விடியற்காலையில் டிபன் பாக்ஸும் கையுமாகச் சாலையோரம் நிற்கும் பெண்களில் பலர் ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்தான். அவர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒப்பந்த பஸ்களுக்குப் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மூன்று நான்கு வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் புதிதாகக் கணக்கு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், பி.காம். அடக்கவிலைக் கணக்கியலில் போக்குவரத்துக் கணக்கைப் படித்துவிட்டு அது நடைமுறையில் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கம்பெனி, "ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு என்ன ரேட் என்று சொல்லுங்கள், வருகைப் பதிவேட்டையும் ஏறும் இடத்தையும் வைத்துப் பில் போட்டுத் தருகிறோம்" என்றது. எங்கள் முதலாளி மாதச் செலவைச் சீட் எண்ணிக்கையாலும் தூரத்தாலும் வகுத்து, மேலே கொஞ்சம் லாபம் வைத்து ரேட் கொடுத்தார். முதல் மாத செக் வந்தபோது, எதிர்பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கம்பெனி ஏமாற்றவில்லை, பில்லில் ஒரு பைசா தப்பில்லை. செலவைச் சரியாகக் கூட்டிய நாங்கள், தப்பான எண்ணால் வகுத்திருந்தோம். அந்த வண்டியின் கணக்கையே இன்றைய விலைவாசிக்கு ஏற்றபடி மாற்றி, முழு எண்களாக்கி இங்கே போட்டுக் காட்டுகிறேன். விலைகள் நான் வைத்துக்கொண்டவை; உங்கள் வண்டிக்கு உங்கள் பில்களில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி இதுதான். 50 சீட், இரண்டாம் கையாக வாங்கியது. குடியாத்தத்தில் புறப்பட்டு உள்ளி, மாதனூர் வழியாக ஆம்பூரைத் தொட்டுக் கம்பெனி வாசல்வரை 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு சிங்கிள், மாலையில் ஒரு சிங்கிள். பகலில் வண்டி கம்பெனி வளாகத்திலேயே நிற்கும். ஷெட்டிலிருந்து முதல் நிறுத்தத்துக்கு 5 கி.மீ. காலியாக வரவேண்டும், ராத்திரி அதே 5 கி.மீ. காலியாகத் திரும்ப வேண்டும். மாதத்துக்கு 26 நாள் ஓட்டம்.

முதலில், நின்றாலும் ஆகும் செலவு

வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் ஆகிற செலவுதான் நிலைச் செலவு. இதை மாதக் கணக்கில் எழுத வேண்டும். இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒருமுறை வரும், சாலை வரி காலாண்டுக்கு ஒருமுறை வரும், எஃப்.சி. வேலை வருஷத்தில் ஏதோ ஒரு மாதம் மொத்தமாக வந்து விழும். பணம் கட்டிய மாதத்திலேயே எழுதினால் ஒரு மாதம் நஷ்டமாகவும் மறுமாதம் லாபமாகவும் தெரியும், இரண்டுமே பொய். எல்லாவற்றையும் மாதப் பங்காகப் பிரித்துவிடுங்கள்.

எங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் வருஷம் 72,000, மாதத்துக்கு 6,000. வரி காலாண்டுக்கு 18,000, மாதத்துக்கு 6,000. பர்மிட், எஃப்.சி., அதற்கு முன்னால் செய்யும் பெயின்ட், டிங்கரிங் எல்லாம் சேர்த்து வருஷம் 60,000, மாதத்துக்கு 5,000. டிரைவர் மாதச் சம்பளம் 21,000. ஷெட் வாடகையும் ஆபீஸ் செலவும் சேர்ந்து 18,000. வண்டி மூன்று என்பதால் இந்த வண்டியின் பங்கு 6,000. கடனுக்கு வட்டி 4,000. வட்டியை அடக்கவிலையில் சேர்க்கலாமா என்று பாடத்தில் விவாதம் உண்டு. கணக்கில் வட்டி கொடுத்திருந்தால் நிலைச் செலவில் சேர்ப்பதுதான் பரீட்சையில் வழக்கம். ரேட் கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்லும்போது நான் எப்போதும் சேர்த்துவிடுவேன். தவணை கட்டும் முதலாளிக்கு அது நிஜமான செலவு.

மிச்சம் இருப்பது தேய்மானம். இதில் கொஞ்சம் நின்று பாருங்கள். வண்டி வாங்கிய விலை 11,40,000. அதில் ஆறு டயரும் அடக்கம். டயர் தேய்வதைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஓட்டச் செலவில் தனியாக எழுதப்போகிறோம். அப்படியானால் தேய்மானம் போடும்போது வண்டி விலையிலிருந்து டயர் மதிப்பைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதே டயருக்கு இரண்டு முறை செலவு எழுதியதாக ஆகும். வாங்கும்போது டயர்களின் மதிப்பு 90,000. ஐந்து வருஷம் கழித்து விற்றால் 3,30,000 வரும் என்று வைத்தால், தேயப்போவது 7,20,000. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,000.

எல்லாம் கூட்டினால் மாதம் 60,000 ரூபாய்.

அடுத்து, ஓடினால் ஆகும் செலவு

இதற்கு அடிப்படை, டிரைவர் எழுதும் லாக் புத்தகம். புறப்படும்போது மீட்டர் எவ்வளவு, வந்து நிறுத்தும்போது எவ்வளவு என்ற இரண்டு எண் தினமும் வேண்டும். பாதைத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு 60 கி.மீ.தான் வரும். வண்டி ஓடியது 70. ஷெட் ஓட்டம் பத்து கிலோமீட்டருக்கும் டீசல் எரிகிறது, டயர் தேய்கிறது. எனவே ஓட்டச் செலவுக்கு 70 × 26 = 1,820 கி.மீ.

டீசல் மாதம் 400 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் 37,200. 1,820-ஐ 400-ஆல் வகுத்தால் லிட்டருக்கு நாலரை கி.மீ. சொச்சம் வருகிறது, பழைய வண்டிக்கு நம்பும்படியான எண்தான். இந்த எண்ணை மாதாமாதம் எழுதி வையுங்கள். டேங்க்கை முழுசாக நிரப்பி மீட்டரைக் குறித்து, அடுத்த முறை முழுசாக நிரப்பும்வரை ஓடிய தூரத்தை அந்த முறை பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். பாதி டேங்க்கில் கணக்குப் போட்டால் எந்த முடிவும் சரியாக வராது. நாலரையாக இருந்தது திடீரென்று நாலுக்கு இறங்கினால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது, டயரில் காற்றுக் குறைவு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மீட்டர் கேபிள் அறுந்து டிரைவர் உத்தேசமாகக் கிலோமீட்டர் எழுதியிருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். உத்தேசமாக எழுதுகிறவர் எல்லா நாளும் ஒரே எண்ணை எழுதுவார், சரியாக 70, சரியாக 70 என்று. நிஜ மீட்டர் 69 காட்டும், 72 காட்டும்.

டயருக்கு, ஒரு செட் புது டயர் விலையும் அதற்குப் பிறகு போடும் ரீட்ரெடிங் செலவும் சேர்த்து, அந்த செட் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதால் வகுக்க வேண்டும். ஒரு செட் ரீட்ரெடிங்கோடு சேர்த்து 1,56,000 ரூபாய், ஓடியது 78,000 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். புது டயர் முன்னால் போகும், முன்னால் ஓடியது ரீட்ரெட் ஆகிப் பின்னால் போகும். ஒவ்வொரு டயராகப் பின்தொடராமல் செட்டாகப் பார்ப்பதே எளிது. மாதத்துக்கு 3,640. ஆயில், கிரீஸ், கூலன்ட் கிலோமீட்டருக்கு 1 ரூபாய், 1,820.

ரிப்பேர் மாதத்துக்கு மாதம் குதிக்கும். ஒரு மாதம் பல்பு மாற்றியதோடு முடியும், மறுமாதம் கிளட்ச் பிளேட் போய்விடும். அதனால் கடந்த பன்னிரண்டு மாத ரிப்பேர் பில்களைக் கூட்டி, அந்தப் பன்னிரண்டு மாதம் ஓடிய கிலோமீட்டரால் வகுங்கள். எங்களுக்கு 3 ரூபாய் வந்தது. மாதத்துக்கு 5,460. பாடப்புத்தகத்தில் இதைப் பராமரிப்புச் செலவு என்று மூன்றாவது தலைப்பில் போடுவார்கள், ஏனென்றால் இதில் ஒரு பகுதி ஓடாவிட்டாலும் ஆகும். மூன்றாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்டால் அப்படியே பிரியுங்கள். ரேட் போட இரண்டு தலைப்பே போதும்.

டிரைவர் பேட்டா நாளுக்கு 120, மாதத்துக்கு 3,120. ஓடிய நாளுக்கு மட்டும் கொடுப்பதால் ஓட்டச் செலவில் வைத்தேன். பள்ளிகொண்டா டோலைத் தாண்டும் வண்டியாக இருந்தால் அந்தக் கட்டணமும் இங்கேதான் வரும். எங்கள் பாதையில் இல்லை.

ஆக ஓட்டச் செலவு 51,240. நிலைச் செலவு 60,000-ஐச் சேர்த்தால் மாதம் 1,11,240 ரூபாய். இதுவரை வருவதில் பெரும்பாலும் யாரும் தப்புவதில்லை.

எதால் வகுப்பது?

ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு பயணி-கிலோமீட்டர். பத்துப் பேரை மூன்று கிலோமீட்டர் கொண்டுபோனால் முப்பது. மூன்று பேரைப் பத்து கிலோமீட்டர் கொண்டுபோனாலும் முப்பதுதான்.

எங்கள் முதலாளி 50 சீட் × 60 கி.மீ. × 26 நாள் = 78,000 என்று எடுத்தார். 1,11,240-ஐ அதால் வகுத்தால் 1 ரூபாய் 43 பைசா. அதன்மேல் 17 பைசா வைத்து 1.60 என்று ரேட் கொடுத்தார். "வண்டி ஃபுல்லுதான், ஒரு சீட்டுகூட காலி இல்ல" என்று டிரைவர் சொன்னதும் உண்மைதான். அவர் பார்த்தது கம்பெனி வாசலில் இறங்கும் கூட்டத்தை.

செக் வந்த வாரம் ஒரு நாள் காலையில் நானே நோட்டோடு அந்த வண்டியில் ஏறினேன். கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மீட்டரையும் ஏறியவர்களையும் எழுதிக்கொண்டே வந்தேன். குடியாத்தத்தில் ஏறியவர்கள் 18 பேர். ஜன்னலோரமாக ஆளுக்கொரு சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள், பாதி வண்டிக்கு மேல் காலி. பாலாற்றைத் தாண்டி மாதனூர் வந்த பிறகுதான் பஸ் பஸ்ஸாக ஆனது. நிறைந்து ஓடியது கடைசி 6 கி.மீ. மட்டும். என் நோட்டில் இருந்ததை முழு எண்ணாக்கினால் இப்படி:

| பகுதி | தூரம் | வண்டியில் ஆள் | பயணி-கி.மீ. |
|---|---|---|---|
| குடியாத்தம் முதல் உள்ளி வரை | 8 | 18 | 144 |
| உள்ளி முதல் மாதனூர் வரை | 8 | 32 | 256 |
| மாதனூர் முதல் ஆம்பூருக்கு முந்தைய நிறுத்தம் வரை | 8 | 42 | 336 |
| அங்கிருந்து கம்பெனி வாசல் வரை | 6 | 50 | 300 |
| மொத்தம் | 30 | | 1,036 |

முழு வண்டி முழுத் தூரம் ஓடியிருந்தால் 1,500 வந்திருக்கும். வந்தது 1,036. வாசலில் ஐம்பது பேர் இறங்கினாலும், பாதை முழுக்கச் சராசரியாக வண்டியில் இருந்தது 34, 35 பேர்தான். மாலையில் இதே கணக்கு தலைகீழாக, ஆள் குறைந்துகொண்டே போகும். நாளுக்கு 2,072, மாதத்துக்கு 53,872.

இதுவும் பெயர்ப் பட்டியலில் இருக்கிற எல்லோரும் தினமும் வந்தால்தான். வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது சராசரி வருகை 92 சதவீதம் இருந்தது. கிருத்திகை, ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள், முகூர்த்த நாள் என்றால் பத்துப் பதினைந்து பேர் வரமாட்டார்கள். வராதவருக்குக் கம்பெனி காசு தராது, ஆனால் வண்டி அதே பாதையில் அதே டீசலில் போயாக வேண்டும். 53,872-இல் 92 சதவீதம் 49,562. (வராதவர்கள் எல்லா நிறுத்தத்திலும் ஒரே விகிதத்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். தூரத்து நிறுத்தக்காரர்களே அதிகம் விடுப்பு எடுத்தால் எண் இன்னும் குறையும். அப்போது நிறுத்தவாரியாகத்தான் போட வேண்டும்.)

1,11,240 ÷ 49,562 = 2 ரூபாய் 24 பைசா. இதுதான் நிஜமான பயணி-கிலோமீட்டர் செலவு. 1.60-க்கு ஒப்புக்கொண்டு ஓட்டினால் மாத வரவு 79,300, நஷ்டம் ஏறக்குறைய 32,000. லாபம் 17 பைசா என்று நினைத்த இடத்தில் பயணி-கிலோமீட்டருக்கு 64 பைசா போய்க்கொண்டிருந்தது. அந்த ஒப்பந்தத்தை ஆறு மாதம் ஓட்டித்தான் முடிக்க முடிந்தது.

பரீட்சையில் இவ்வளவு விவரம் தரமாட்டார்கள். "சராசரியாக 70 சதவீத இருக்கைகள் நிரம்பின" என்று ஒரே வரி இருக்கும். அப்போது சூத்திரம்:

பயணி-கி.மீ. = ஒருவழித் தூரம் × 2 × நடை × நாள் × இருக்கை × நிரம்பிய விகிதம்

அந்த 2-ஐ விட்டுவிடுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தப்பு. நடை என்றால் போய்வருவதா, ஒருவழியா என்று கேள்வியை இரண்டு முறை படியுங்கள். இருக்கைக் கணக்கில் டிரைவர் சீட்டைச் சேர்க்கக் கூடாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அந்த 70 சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்குள் நான் நோட்டில் எழுதிய நிறுத்தக் கணக்கும் வருகைக் கணக்கும் இரண்டும் அடங்கியிருக்கின்றன. எங்கள் வண்டிக்கு அது 49,562 ÷ 78,000, அதாவது ஏறக்குறைய 64 சதவீதம்.

ரேட் சொல்லும்போது

பத்து சதவீத லாபம் வேண்டும் என்று முதலாளி சொன்னால், செலவின்மேலா வரவின்மேலா என்று கேளுங்கள். வரவில் பத்து சதவீதம் என்றால் செலவு என்பது வரவில் தொண்ணூறு சதவீதம். 2.24-ஐ 0.90-ஆல் வகுக்க வேண்டும், 2.49 வரும், 2.50 என்று சொல்லலாம். செலவோடு பத்து சதவீதம் கூட்டினால் 2.46 வந்து நின்றுவிடும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் கமிஷனும் வரவின்மேல் சதவீதமாக இருந்தால் அதையும் சேர்த்தே வகுக்க வேண்டும். அப்போது வித்தியாசம் பெரிதாகிவிடும். வரவில் 10 லாபம், 5 கமிஷன் என்றால் 0.85-ஆல் வகுக்க வேண்டும்.

பகலெல்லாம் சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்து, "இன்னா சார், மதியத்துல ஒரு டிரிப் அடிக்கலாமே" என்று டிரைவரே கேட்பார். நிலைச் செலவையும் ஓட்டச் செலவையும் தனித்தனியாக எழுதியதன் பலன் இங்கே தெரியும். ஆம்பூரிலிருந்து 14 கி.மீ. தொலைவில் உள்ள கிராமத்துக்கு மதியம் ஷிப்டு மாறுகிற ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து வேறு நேரத்துக்கு இன்னொரு குழுவை அழைத்து வரவேண்டும் என்று வைப்போம். இரண்டு முறையும் ஒரு பக்கம் காலி. நாளுக்கு 56 கி.மீ. கூடுதல். நிலைச் செலவு 60,000 அப்படியே இருக்கும், அதைத் தொட வேண்டாம். பேட்டா நீக்கிய ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு 26.44. மாதம் 1,456 கி.மீ.க்கு 38,500, டிரைவருக்குக் கூடுதலாக நாளுக்கு 250 வீதம் 6,500, ஆக 45,000. ஆள் ஏறிய 28 கி.மீ.யில் சராசரி 32 பேர் என்றால் மாதத்துக்கு 23,296 பயணி-கி.மீ. வகுத்தால் 1.93.

இந்த 1.93-க்குக் கீழே அந்த டிரிப்பை எடுத்தால் டீசலுக்கும் டயருக்குமே கட்டாது. அதற்கு மேலே கிடைப்பதெல்லாம் நிலைச் செலவைத் தாங்க உதவும். பழைய பஸ் சும்மா நிற்கிறது என்பதற்காக 1.50-க்கு ஒப்புக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட ஓட நஷ்டம் கூடும். இரண்டு வேலையும் சேர்ந்தால் மொத்தச் சராசரி 2.24-இலிருந்து 2.14-க்குத்தான் இறங்குகிறது. பாதித் தூரம் காலியாக ஓடுவதால் லாபம் அவ்வளவுதான். காலியாகத் திரும்பாத டிரிப்பாகக் கிடைத்தால், பர்மிட்டும் இடம் கொடுத்தால், அதைத் தேடிப் பிடிப்பதில்தான் காசு இருக்கிறது.

ஒப்பந்தத் தாளில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். ஒன்று, டீசல் விலை. இந்த வண்டி மாதம் 400 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் மாதம் 2,000, அதாவது பயணி-கிலோமீட்டருக்கு 4 பைசா. "ஒப்பந்த நாளில் இருந்த விலையிலிருந்து லிட்டருக்கு ஒவ்வொரு 5 ரூபாய் ஏற்ற இறக்கத்துக்கும் ரேட் 4 பைசா மாறும்" என்று எழுதினால் கம்பெனியும் மறுக்காது, ஏனென்றால் இறங்கினால் அவர்களுக்கும் குறையும்.

இன்னொன்று, பாதை மாறினால் என்ன செய்வது என்பது. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாதனூர் பக்கம் பாலாற்றுத் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனபோது குடியாத்தம் வண்டிகள் சுற்றிப் போக வேண்டி வந்தது. பில்லில் வரும் தூரம் நிறுத்தத்திலிருந்து கம்பெனிக்கு உள்ள வழக்கமான தூரம்தான், அது மாறாது. ஒரு சிங்கிளுக்கு 12 கி.மீ. சுற்று என்று வைத்துப் பாருங்கள்: மாதம் 624 கி.மீ. கூடுதல், 16,500 ரூபாய், பயணி-கிலோமீட்டருக்கு 33 பைசா. லாபமாக வைத்திருந்த 26 பைசா அதிலேயே கரைந்து கையிலிருந்தும் போகும். "சாலை அடைப்பால் கூடும் கிலோமீட்டருக்கு லாக் புத்தகப்படி கிலோமீட்டருக்கு இவ்வளவு ரூபாய் தனியாக" என்ற வரி இருந்தால், அந்த 26.44 என்ற எண்ணை எடுத்து அங்கே எழுதலாம். அந்த வரி இருந்தாலும் லாக் புத்தகத்தில் தினமும் இரண்டு மீட்டர் எண்ணும் டிரைவர் கையெழுத்தும் இல்லையென்றால் கம்பெனி அக்கவுன்ட்ஸில் பணம் பாஸ் ஆகாது. அதனால் மாதம் முதல் தேதி டிரைவரிடம் புதுப் புத்தகத்தைக் கொடுக்கும்போதே, முந்தைய புத்தகத்தின் கடைசி மீட்டர் எண்ணைப் புதியதன் முதல் வரியில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.